கேஷ் ஆன் டெலிவரியை மேலே வைக்கலாமா? டேட்டா சயின்ஸ் நேர்காணலின் ஒரு கணக்கு

டேட்டா சயின்ஸ் வேலைக்கான நேர்காணலில் புள்ளியியல் கேள்வி பெரும்பாலும் சூத்திரமாக வருவதில்லை. ஒரு வியாபாரச் சிக்கலாக வருகிறது. ஓர் இணையக் கடை இருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். அதன் பணம் செலுத்தும் பக்கத்தில் யுபிஐ முதலிலும், கேஷ் ஆன் டெலிவரி கடைசியிலும் இருக்கின்றன. கேஷ் ஆன் டெலிவரியை முதலுக்குக் கொண்டுவந்தால் ஆர்டர் கூடும் என்று ஒருவர் சொல்கிறார். இதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் கேள்வி. ஏ/பி டெஸ்ட், மாதிரி அளவு, பி மதிப்பு என்று பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பவை எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் வரிசையாக வந்து நிற்கும்.

பலருக்கும் முதலில் தோன்றும் பதில், பக்கத்தை மாற்றிவிட்டு இந்த மாத ஆர்டரைப் போன மாத ஆர்டரோடு ஒப்பிடுவது. இது நிற்காது. இந்த மாதம் தீபாவளி வந்திருக்கலாம்; போட்டிக் கடை தள்ளுபடி அறிவித்திருக்கலாம்; விளம்பரச் செலவு மாறியிருக்கலாம். பக்கத்தை மாற்றியதன் விளைவையும் காலம் மாறியதன் விளைவையும் அந்த ஒப்பீட்டில் பிரிக்கவே முடியாது. பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒரே நாட்களில், ஒரே வகை மனிதர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். வருபவரில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது; யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். இதுதான் ஏ/பி டெஸ்ட்.

குலுக்கலைச் சோதனையின் அடித்தளமாக ஆக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த அவர், எந்த உரம் நல்லது என்ற கேள்விக்கு விடை தேடினார். ஒரே வயலில்கூட ஒரு மூலை செழிப்பாகவும் மறுமூலை வறண்டும் இருக்கும். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதர் தேர்ந்தெடுத்தால் அந்த வேற்றுமை உரத்தின் கணக்கில் ஏறிவிடும். குலுக்கலுக்கு விட்டால், தெரிந்த வேற்றுமைகளோடு தெரியாத வேற்றுமைகளும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவும். இணையக் கடையில் பாத்திக்குப் பதில் வாடிக்கையாளர். அவருடைய பயனர் எண்ணை ஒரு ஹாஷ் சார்பில் போட்டு, வரும் விடையைக் கொண்டு ஏ அல்லது பி குழுவில் சேர்ப்பார்கள். அவர் நாளை திரும்பி வந்தாலும் அதே ஹாஷ், அதே குழு. நேற்று ஒரு பக்கத்தையும் இன்று வேறு பக்கத்தையும் பார்ப்பவர் எந்தக் குழுவின் கணக்கிலும் சுத்தமாகச் சேரமாட்டார்.

அடுத்த கேள்வி, எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது. இங்கே ஓர் எண்ணைச் சட்டென்று சொல்பவரைவிட, இரண்டு விவரங்களைத் திருப்பிக் கேட்பவர்தான் விஷயம் தெரிந்தவர். இப்போது வருபவரில் எத்தனை சதவீதம் பேர் ஆர்டர் செய்கிறார்கள்? குறைந்தபட்சம் எவ்வளவு உயர்ந்தால் இந்த மாற்றம் கடைக்குப் பயன்படும்? முதல் விவரம் பழைய பதிவுகளில் கிடைக்கும். இரண்டாவதைப் புள்ளியியல் தராது. வியாபாரம்தான் சொல்ல வேண்டும். இந்தக் கற்பனைக் கடையில் நூற்றுக்கு 4 பேர் ஆர்டர் செய்கிறார்கள் என்றும், அது 4.4 ஆனால் போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் கால்குலேட்டர் இல்லாமலே போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு:

```
n = 16 × p × (1 − p) / δ²
```

`p` என்பது இப்போதைய விகிதம், அதாவது 0.04. `δ` என்பது கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம், 0.004. மேலே 16 × 0.04 × 0.96 = 0.6144. கீழே 0.004இன் வர்க்கம், 0.000016. வகுத்தால் 38,400. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் வேண்டும்.

அந்த 16 எங்கிருந்து வந்தது என்பது அடுத்துக் கேட்கப்படும். சோதனையில் இரண்டு விதமாகத் தவறலாம். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்வது ஒன்று; இருக்கும்போது காணாமல் விடுவது மற்றொன்று. முதல் தவறுக்கு 5 சதவீதம் இடம் தரலாம், இரண்டாவதற்கு 20 சதவீதம் இடம் தரலாம் என்பது நடைமுறை வழக்கம். இயல்நிலைப் பரவலில் இவற்றுக்குரிய எண்கள் 1.96, 0.84. இரண்டையும் கூட்டி, வர்க்கமாக்கி, குழுக்கள் இரண்டு என்பதால் இரண்டால் பெருக்கினால் 15.7 வரும், அதைத்தான் 16 என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது தவறைச் செய்யாமல் இருக்கும் வாய்ப்பு, அதாவது 80 சதவீதம், சோதனையின் பவர் எனப்படுகிறது.

சூத்திரத்தில் `δ` வர்க்கமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். 0.4 புள்ளிக்குப் பதில் 0.2 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க விரும்பினால் ஆட்கள் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வேண்டும்: குழுவுக்கு 1,53,600 பேர். சிறிய கடைகளில் சின்னச் சின்ன மாற்றங்களை ஏ/பி டெஸ்ட் செய்து பயனில்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, இரண்டே நாள் ஓட்டிப் பார்க்கலாமே என்று மேலாளர் கேட்பதாக நேர்காணல் செய்பவர் சொல்வார். கடைக்கு நாள்தோறும் 8,000 புதிய பயனர்கள் சோதனைக்குள் வருகிறார்கள் என்றால், இரண்டு நாளில் குழுவுக்கு 8,000 பேர். 0.4 புள்ளி வித்தியாசம் உண்மையிலேயே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இப்போது நான்கில் ஒன்றுதான். இதைவிடக் கெடுதல் வேறொன்று உண்டு. இவ்வளவு சிறிய சோதனையில் வித்தியாசம் 0.62 புள்ளியைத் தாண்டினால்தான் அது ‘குறிப்பிடத்தக்கது’ என்ற தகுதியைப் பெறும். எனவே சோதனை வெற்றி என்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதில் வரும் எண் உண்மையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதியிருக்கும். அந்த எண்ணை நம்பி அடுத்த ஆண்டு வருமானத்தைக் கணித்தால் கணிப்பு பொய்க்கும்.

நாளொன்றுக்கு 4,000 பேர் வீதம் 38,400 பேரைச் சேர்க்கப் பத்து நாள் போதும். ஆனால் பத்து நாளில் ஒரு சனி, ஞாயிறு வரலாம், இரண்டும் வரலாம். வாரநாளில் வாங்குபவரும் விடுமுறையில் வாங்குபவரும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே முழு வாரங்களாக, 14 நாள் என்று வைப்பது நல்லது. குழுவுக்கு 56,000 பேர் கிடைப்பார்கள்.

இந்த 14 நாளில்தான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன. முடிவுகள் திரையில் அன்றாடம் ஏறிக்கொண்டிருக்கும். யாராவது தினமும் காலையில் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கினால், வென்றாயிற்று, நிறுத்திவிடலாம் என்பார்கள். 5 சதவீதத் தவறு என்ற உறுதி, ஒரே ஒருமுறை, கடைசியில் பார்ப்பதற்கு மட்டும் தரப்பட்டது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தற்செயல் எல்லையைத் தாண்ட இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. பீட்டர் ஆர்மிட்டேஜும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும் 1969இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, தாண்டியதும் நிறுத்தினால் தவறின் வாய்ப்பு 14 சதவீதம்; பத்து முறை பார்த்தால் 19 சதவீதம். இரண்டு பக்கங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும், ஐந்தில் ஒரு சோதனை ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்று அறிவிக்கும் நிலை இது.

இடையில் பார்த்தே தீர வேண்டிய சூழல்களும் உண்டு. பக்கம் உடைந்து ஆர்டரே வராமல் போனால் 14 நாள் காத்திருப்பது மூடத்தனம். இதற்கான கணிதத்தை உருவாக்கியவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரின்போது, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில், தளவாடங்களைத் தரச் சோதனை செய்யும் சிக்கலுக்காகத் தொடர்முறைப் பகுப்பாய்வை அவர் வகுத்தார். ஒவ்வொரு தரவு வந்ததும் பார்க்கலாம்; ஆனால் நிறுத்துவதற்கான எல்லை அதற்கேற்பக் கடுமையாக இருக்கும். இந்தியாவில் விரிவுரைப் பயணமாக வந்திருந்த வால்ட், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். இன்று பெரிய நிறுவனங்களின் சோதனைத் தளங்களில் இடையில் பார்க்க அனுமதிக்கும் முறைகள் பலவும் அவருடைய சிந்தனையின் தொடர்ச்சிதான். நேர்காணலில் சொல்ல வேண்டியது இவ்வளவே: இடையில் பார்க்கத் திட்டம் இருந்தால் அதைத் தொடங்கும் முன்பே அறிவித்து, அதற்குரிய எல்லையை வைக்க வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை நிறுத்தக் கூடாது.

14 நாள் முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆர்டர் எண்ணிக்கை அல்ல, ஆட்களின் எண்ணிக்கை. பாதிக்குப் பாதி என்று பிரித்த குலுக்கல் பாதிக்குப் பாதியாகவே வந்திருக்கிறதா? ஏ குழுவில் 56,600 பேரும் பி குழுவில் 55,400 பேரும் இருந்தால் பார்வைக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். நேர்மையான குலுக்கலில் 1,12,000 பேரைப் பிரிக்கும்போது இவ்வளவு கோணல் வருவதற்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று அல்லது நான்குதான். எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். புதிய பக்கம் மெதுவாகத் திறந்திருக்கலாம்; பழைய ஃபோனும் பலவீனமான நெட்வொர்க்கும் உள்ளவர்கள் பதிவாகும் முன்பே வெளியேறியிருக்கலாம். அப்படியானால் பி குழுவில் எஞ்சியிருப்பவர்கள் நல்ல ஃபோன் உள்ளவர்கள், அதிகம் வாங்கும் வசதி உள்ளவர்கள். இனி எந்த ஒப்பீடும் செல்லாது. அந்தச் சோதனையின் முடிவைத் திறக்காமலே தூக்கிப்போட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடி ஓட்ட வேண்டும். காணாமல்போன ஆட்களை ஏதாவது கணக்குப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று சொல்லும் பதில் தவறானது, ஏனென்றால் போனவர்கள் யார் என்பதே தெரியாது.

நம் கடையில் குலுக்கல் சரியாக இருந்தது. இரண்டு குழுவிலும் 56,000 பேர் என்று கொள்வோம். ஏ குழுவில் 2,240 ஆர்டர், அதாவது 4 சதவீதம். பி குழுவில் 2,397 ஆர்டர், 4.28 சதவீதம். வித்தியாசம் 0.28 புள்ளி. இந்த அளவுள்ள குழுக்களில் தற்செயலாக வரும் ஆட்டத்தின் அளவுகோல், திட்டப் பிழை, 0.119 புள்ளி. வித்தியாசத்தை அதால் வகுத்தால் 2.35. அதற்குரிய பி மதிப்பு 0.0185.

இந்த 0.0185க்கு என்ன பொருள் என்பதுதான் நேர்காணலில் அதிகம் பேர் சறுக்கும் இடம். ஃபிஷர் 1935இல் எழுதிய சோதனை வடிவமைப்பு நூலில் வரும் தேநீர்ச் சோதனை இதைத் தெளிவாக்கும். ராத்தம்ஸ்டெட்டில் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று ருசித்தே சொல்லிவிடுவேன் என்றாராம்; அதிலிருந்து பிறந்தது இது. எட்டுக் கோப்பைகள்; நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில்; வரிசை குலுக்கல். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ருசி எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொல்பவர் எட்டையும் சரியாகச் சொல்வதற்கு வாய்ப்பு 70இல் ஒன்று, 1.4 சதவீதம். பி மதிப்பு என்பது இதுதான்: திறமை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு நல்ல முடிவு, அல்லது இதைவிட நல்ல முடிவு, வருவதற்கான வாய்ப்பு.

அந்த ‘வைத்துக்கொண்டால்’ என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. நம் கடையில் 0.0185 சொல்வது, இரு பக்கங்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று கொண்டால் 0.28 புள்ளியோ அதற்கு மேலோ இடைவெளி வர, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், வாய்ப்பு 1.85 சதவீதம் என்பதை. புதிய பக்கம் நல்லது என்பதற்கு 98 சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் பி மதிப்பு பற்றித் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டு இந்தத் தவறான பொருளை மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் அப்படிப் பொருள் கொள்ள முடியாது என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போதும். ஒரு நிறுவனம் 1,000 யோசனைகளைச் சோதிக்கிறது. அவற்றில் 100 மட்டுமே உண்மையில் பயனுள்ளவை என்று கொள்வோம். பவர் 80 சதவீதம் என்பதால் அந்த 100இல் 80 பிடிபடும். பயனற்ற 900இல் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாக எல்லையைத் தாண்டும். ‘குறிப்பிடத்தக்கவை’ என்று வந்த 125இல் 45 பொய், நூற்றுக்கு 36. பி மதிப்பின் எல்லை 5 சதவீதம்தான். ஆனால் எல்லையைத் தாண்டியவற்றில் பொய்யின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல். நல்ல யோசனைகள் எவ்வளவு அரிதோ அவ்வளவு இந்தப் பங்கு கூடும். எதிர்பாராத பெரிய வெற்றி வந்தால் மகிழ்வதற்கு முன் சோதனையை இன்னொருமுறை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் வந்தது.

பி மதிப்பைவிட மேலாளருக்குப் பயன்படுவது நம்பிக்கை இடைவெளி. 0.28 புள்ளியின் இருபுறமும் திட்டப் பிழையின் 1.96 மடங்கு போனால், 0.05 புள்ளியிலிருந்து 0.51 புள்ளிவரை நீள்கிறது. பூச்சியம் அதற்குள் இல்லை. ஆகவே ஏதோ உயர்வு இருக்கிறது என்று நினைக்க ஆதாரம் உண்டு. ஆனால் கடை விரும்பிய 0.4 புள்ளி கிடைத்துவிட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. உண்மையான உயர்வு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

இதோடு முடித்துக்கொண்டு, வெளியிடலாம் என்று சொல்லும் விண்ணப்பதாரர்கள் பலர். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் என்பது விற்பனை அல்ல. பொருள் வீட்டு வாசலுக்குப் போகும்போது ஆள் இல்லை, பணம் இல்லை, வேண்டாம் என்று திரும்பி வருவது அதில் அதிகம். ரிட்டர்ன் கணக்கு வரச் சில வாரம் ஆகும். சோதனையில் வந்த ஆர்டர்கள் எல்லாம் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஏ குழுவில் 20 சதவீதம், பி குழுவில் 24 சதவீதம் திரும்பி வந்ததாகக் கொள்வோம். 2,240இல் 448 போக ஏ குழுவில் கையில் சேர்ந்தவை 1,792. 2,397இல் 575 போக பி குழுவில் சேர்ந்தவை 1,822. 157ஆக இருந்த முன்னிலை 30 ஆகிவிட்டது. இந்த 30க்குப் பி மதிப்பு ஏறக்குறைய 0.6, அதாவது வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களில்கூட இவ்வளவு இடைவெளி பத்தில் ஆறு முறை வரும். மறுபுறம், பி குழுவில் 127 பொதிகள் கூடுதலாகத் திரும்பியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இருவழிப் போக்குவரத்துச் செலவு கடையின் தலையில்.

தொடங்கும் முன்பே முதன்மை அளவீடாக ‘கையில் சேர்ந்த ஆர்டர்’ என்று எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. முடிவு வந்த பிறகு, ஆர்டர், கூடையின் மதிப்பு, பக்கத்தில் தங்கிய நேரம் என்று இருபது அளவீடுகளைப் புரட்டி, 0.05க்குக் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது அளவீடுகளில் ஒன்றாவது தற்செயலாகத் தாண்டுவதற்கு வாய்ப்பு 64 சதவீதம்.

இந்தக் கடைக்கான சரியான பதில், மாற்றத்தை வெளியிட வேண்டாம் என்பதே. ஆர்டர் கூடியது, விற்பனை கூடியதற்கு ஆதாரம் இல்லை, செலவு கூடியது.